அட்டையின் படமும் அட்டைதான்

ஓர் அலுவலகத்துக்குள் வெளியாள் நுழைய முடியுமா, அங்கே வேலை செய்பவராக நடித்துக் காரியம் சாதிக்க முடியுமா என்று அந்த நிறுவனத்தின் அனுமதியோடு சோதித்துச் சொல்வது எங்கள் தொழில். அதன் முதல் கட்டம் பெரும்பாலும் நாற்காலியை விட்டு எழாமலே முடிந்துவிடும். நிறுவனத்தின் பெயரோடு ‘முதல் நாள்’, ‘புதிய பயணம்’ போன்ற சொற்களைச் சேர்த்து லிங்க்ட்இன்னிலும் இன்ஸ்டாகிராமிலும் தேடினால், கழுத்தில் ஐடி கார்டு தொங்கச் சிரித்தபடி நிற்கும் இளைஞர்களின் படங்கள் வரிசையாக வரும். சிலர் கார்டைக் கையில் எடுத்து கேமராவுக்கு நேராகவே நீட்டியிருப்பார்கள். இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்டால் வழக்கமாகக் கிடைக்கும் பதில், ‘உங்கள் தனிப்பட்ட தகவல் திருடுபோகும்’ என்பது. அந்தப் பதிலில் பிழையில்லை. ஆனால் ஆபத்தின் பெரிய பகுதி அதற்குள் அடங்காது. படத்தைப் போட்டவராகவே நடிக்க வேண்டிய தேவை ஏமாற்றுபவருக்கு அநேகமாக இல்லை. அந்தப் படத்தைப் பார்த்து, அந்த நிறுவனத்தில் இல்லவே இல்லாத ஓர் ஊழியரை அவர் உருவாக்கிக்கொள்ளலாம். அந்தப் புது ஆளிடம் ஏமாறப்போகிறவர் பக்கத்து மேசைக்காரராக இருக்கலாம், ஹெல்ப் டெஸ்க்கில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவராக இருக்கலாம், நிறுவனத்தின் வாடிக்கையாளராகவும் இருக்கலாம். படம் போட்டவருக்கு ஒன்றுமே ஆகாமல் போகலாம். அதனால்தான் இந்த எச்சரிக்கை அவர் காதில் ஏறுவதில்லை.

ஐடி கார்டு மூன்று இடங்களில் வேலை செய்கிறது. வாசலில் நிற்கும் செக்யூரிட்டியின் கண்ணுக்கு அது ‘இவர் நம்ம ஆள்’ என்று சொல்கிறது. கதவோரத்து ரீடருக்கு உள்ளே இருக்கும் சிப் ஓர் எண்ணைச் சொல்கிறது. தொலைபேசியில் ‘உங்க எம்ப்ளாயி ஐடி சொல்லுங்க’ என்று கேட்கும்போது, மேலே அச்சிட்ட விவரம் வாய்வழியாகப் போகிறது. மூன்று இடத்திலும் யாரும் கார்டைக் கையில் வாங்கிப் பார்ப்பதில்லை. ஹாலோகிராம், சாய்த்தால் நிறம் மாறும் மை, புறஊதா ஒளியில் மட்டும் தெரியும் முத்திரை என்று பணம் செலவழித்துச் சேர்க்கும் காப்புகள் எல்லாம், ஒருவர் கையில் வாங்கி நிதானமாகப் புரட்டிப் பார்ப்பார் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டவை. காலை 9 மணிக்கு வரிசையாக உள்ளே போகும் கூட்டத்தில் அப்படிப் பார்க்க எந்தக் காவலருக்கும் நேரமில்லை. நாடாவின் நிறம், கார்டின் மேல்பகுதியில் ஒரு பட்டை, சரியான இடத்தில் ஒரு முகம் இவையெல்லாம் இருந்தால் கண் அடுத்தவருக்குப் போய்விடும். சரிபார்க்கும் இடத்தில் எது சரிபார்க்கப்படுகிறதோ அது முழுவதும் படத்தில் இருக்கிறது. நடைமுறையில் ஒரு கார்டின் தெளிவான படமும் கார்டும் ஒன்றுதான் என்று நான் சொல்வது இந்தக் காரணத்தால்தான். கார்டைப் பிரதியெடுப்பது கடினம் என்ற எண்ணம், கார்டு எப்படிச் சோதிக்கப்படும் என்று அதை வடிவமைத்தவர் கற்பனை செய்தாரோ அதைச் சார்ந்தது. அந்தச் சோதனையை வாசலில் யாரும் செய்யவில்லையென்றால் அந்தக் கடினமும் இல்லை.

முதலில் கண்ணை எடுத்துக்கொள்வோம். ஐடி கார்டுகள் அநேகமாக எல்லாமே ஏடிஎம் கார்டின் அளவில்தான் இருக்கும், அகலம் 85.6 மில்லிமீட்டர், உயரம் கிட்டத்தட்ட 54. இது உலகம் முழுவதற்கும் பொதுவான தர அளவு. அதனால் படம் கோணலாக எடுக்கப்பட்டிருந்தாலும் நான்கு மூலைகளைக் குறித்து நேராக்கிவிட முடியும். நேராக்கியபின் லோகோ எத்தனை மில்லிமீட்டர் அகலம், பெயர் எந்த உயரத்தில் தொடங்குகிறது என்று அளந்தே சொல்லலாம். எழுத்துரு பெரும்பாலும் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும் அதே எழுத்துரு. லோகோ தெளிவான கோப்பாக அங்கேயே கிடைக்கும். பிளாஸ்டிக் கார்டில் அச்சடிக்கும் இயந்திரம் கல்யாண ஆல்பம் போடும் கடைகளில்கூட இருக்கிறது. ஒரே படத்தில் எல்லாம் கிடைக்க வேண்டும் என்பதில்லை. ஒருவர் படத்தில் கார்டின் மேல்பாதி தெரியும், இன்னொருவர் படத்தில் கீழ்ப்பாதி, மூன்றாமவர் படத்தில் பின்புறம். மூன்று பேரும் ‘நான் முழுசாகக் காட்டவில்லையே’ என்று நிம்மதியாக இருப்பார்கள். நிரந்தர ஊழியருக்கு ஒரு நிறம், ஒப்பந்த ஊழியருக்கு ஒரு நிறம், வெண்டாருக்கு ஒரு நிறம் என்று நிறுவனம் பிரித்து வைத்திருந்தால் அந்தப் பிரிவும் இந்தப் படங்களிலிருந்தே தெரிந்துவிடும். யாரிடம் கேள்வி கேட்பார்கள், யாரிடம் கேட்க மாட்டார்கள் என்பதை அறிய வெளியாளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். கார்டின் வடிவத்தை நிறுவனங்கள் அடிக்கடி மாற்றுவதில்லை. லோகோ மாறினால்தான் மாற்றுவார்கள். எனவே ஐந்து வருடத்துக்கு முன் வேலையை விட்டுப் போனவரின் பழைய படமும் இன்றைக்குச் செல்லுபடியாகும் மாதிரியாகவே இருக்கும்.

கார்டின் படம் மட்டுமே போதும், கார்டுகூட வேண்டாம் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சாட்சியம் இருக்கிறது. ஓஎல்எக்ஸ் போன்ற தளங்களில் ராணுவ வீரர் போலவும் சிஐஎஸ்எஃப் வீரர் போலவும் நடித்து நடந்த மோசடிகளை நாளிதழ் படிக்கும் எவரும் அறிவார்கள். ஒரு ஸ்கூட்டரோ காரோ மலிவு விலைக்கு விளம்பரமாகும். விற்பவர் தான் ராணுவத்தில் இருப்பதாகவும், வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டதால் அவசரமாக விற்பதாகவும் சொல்வார். நேரில் பார்க்கக் கேட்டால் முகாமுக்குள் வெளியாரை விடமாட்டார்கள், தனக்கும் வெளியே வர அனுமதி இல்லை என்பார். சந்தேகம் வந்தால் உடனே வாட்ஸ்அப்பில் அடையாள அட்டையின் படம் வரும். கூடவே கேன்டீன் கார்டு, சீருடையில் ஒரு படம், சில சமயம் ஆதாரும் வரும். முன்பணமோ டெலிவரிச் செலவோ கட்டியபின் வண்டி வராது. வாங்குபவராக நடிக்கும் இன்னொரு வகையில், ‘பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்’ என்பார்கள். ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போட்டதும் பணம் நம் கணக்கிலிருந்து போகும். இந்த மோசடிகளில் காட்டப்பட்ட அட்டைகளில் பல போலியாக வரையப்பட்டவை அல்ல. உண்மையான வீரர்களின் உண்மையான அட்டைப் படங்கள் எப்படியோ வெளியே கசிந்து, ஒரே படம் பல மாநிலங்களில் பலரிடம் காட்டப்பட்டது. அட்டைக்குச் சொந்தக்காரர் எங்கோ பணியில் இருக்க, அவர் பெயரில் புகார்கள் குவிந்தன.

இந்த மோசடி ஏன் பலித்தது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஏமாந்தவர்கள் அட்டையைச் சரிபார்க்கவில்லை என்று சொல்வது எளிது. அவர்களால் சரிபார்த்திருக்கவே முடியாது. அதற்குமுன் ராணுவ அடையாள அட்டை ஒன்றைக்கூட அவர்கள் பார்த்ததில்லை, எதோடு ஒப்பிடுவார்கள்? அவர்கள் நம்பியது வேறொன்றை. ஒருவர் தன் அடையாள அட்டையைத் தயங்காமல் காட்டுகிறார் என்றால் அவர் நேர்மையானவராகத்தான் இருப்பார் என்ற ஊகத்தை நம்பினார்கள். அட்டை என்பது சொந்தக்காரர் கையில் மட்டுமே இருக்கும் என்ற பழைய உலகத்தில் அந்த ஊகம் நியாயமானது. அட்டையின் படம் யார் போனிலும் இருக்கலாம் என்ற உலகத்தில் அதற்கு அடிப்படை இல்லை. அதே ஊகத்தின் மேல்தான் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ மோசடியும் நிற்கிறது. சிபிஐ, அமலாக்கத் துறை, காவல்துறை அதிகாரி என்று வீடியோ அழைப்பில் வருபவர்கள் முதலில் அட்டையைத்தான் காட்டுவார்கள். 2024 அக்டோபர் 27 அன்று பிரதமர் தன் வானொலி உரையில் இதைப் பற்றி எச்சரிக்க வேண்டிய அளவுக்கு அது பரவியிருந்தது. இதை ஒரு வங்கிக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ வேலைக்கு ஆள் எடுக்கும் பிரிவுக்கோ பொருத்திப் பாருங்கள். வங்கி ஊழியரின் அட்டை எப்படி இருக்கும் என்று வாடிக்கையாளருக்குத் தெரியாது. வேலை தேடும் பட்டதாரிக்கு, தன்னை அழைக்கும் ‘எச்.ஆர்.’ அனுப்பும் அட்டைப் படமே அந்த நிறுவனம் போலத் தெரியும். ஊழியர்கள் தங்கள் மகிழ்ச்சிக்காகப் போடும் படங்கள் இத்தகையவர்களுக்கு அசல் மாதிரிகளை இலவசமாகத் தருகின்றன.

அடுத்தது தொலைபேசி. என் கணிப்பில் மூன்றிலும் இதுவே மோசமானது, ஏனென்றால் இதற்கு அச்சடிக்கும் செலவுகூட இல்லை. ஒரு படத்தைக் கற்பனை செய்துகொள்வோம். சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனம். திங்கட்கிழமை வேலைக்குச் சேர்ந்த ஒருவர் மதியமே படம் போடுகிறார். கார்டில் பெயர், முகம், ஆறு இலக்க ஊழியர் எண், ரத்த வகை. பதிவின் வாசகத்தில் எந்தப் பிரிவு, எந்த வளாகம், கூடவே தன் மேலாளருக்கும் குழுவுக்கும் நன்றி, அவர்கள் பெயரை இணைத்து. பார்ப்பவருக்கு இதிலிருந்து கிடைப்பவை: பல நிறுவனங்களில் எண்கள் வரிசையாகத்தான் போகும் என்பதால் இன்றைய தேதியில் அது எங்கே வந்து நிற்கிறது என்பது, அதை விடச் சற்று அதிகமான எண் இந்த வாரம் சேர்ந்தவருடையது என்பது, இந்த வாரம் சேர்ந்தவர்கள் எந்த மேலாளரின் கீழ் போகிறார்கள் என்பது. மறுநாள் ஹெல்ப் டெஸ்க்குக்கு ஓர் அழைப்பு போகிறது. ‘சார், நான் நேத்துதான் ஜாயின் பண்ணேன், லேப்டாப்ல லாகின் ஆகமாட்டேங்குது, மேனேஜர் மீட்டிங்ல இருக்காரு’ என்கிறது குரல். புதிதாகச் சேர்ந்தவரின் குரலை யாருக்கும் தெரியாது. அவர் தடுமாறுவதும் எதுவும் தெரியாமல் விழிப்பதும் இயல்பு. பழைய ஊழியராக நடிப்பவர் அலுவலகத்தின் நூறு வழக்கங்களை அறிந்திருக்க வேண்டும். புதிய ஊழியராக நடிப்பவருக்கு அறியாமையே வேடம். முதல் நாள் படம் மற்ற நாள் படங்களைவிட ஆபத்தானது என்று நாங்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். சில நிறுவனங்களில் ஊழியர் எண்ணே லாகின் பெயராகவும் இருக்கிறது. அங்கே படம் பாதிச் சாவியைக் கொடுத்துவிடுகிறது.

இது கற்பனை மட்டுமல்ல என்பதற்குப் பொதுப்பதிவு இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 20 அன்று அமெரிக்காவின் எஃப்பிஐயும் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசாவும் சேர்ந்து ஓர் அறிவுரை வெளியிட்டன. குற்றவாளிகள் சமூக ஊடகப் பக்கங்களிலிருந்தும் ஆள் தேடும் கருவிகளிலிருந்தும் ஊழியர்களைப் பற்றிய கோப்புகளைத் தொகுத்தார்கள். பெயர், பதவி, எவ்வளவு காலமாக வேலையில் இருக்கிறார் போன்றவற்றைச் சொல்லி நம்பிக்கையைப் பெற்றார்கள். தங்களை அந்த நிறுவனத்தின் ஐடி ஹெல்ப் டெஸ்க் என்று சொல்லிக்கொண்டார்கள் என்று அது விவரித்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூலை 15 அன்று, ட்விட்டரில் நடந்ததும் இதுதான். நியூயார்க் மாநில நிதிச் சேவைத் துறையின் விசாரணை அறிக்கை சொல்வதன்படி, தாக்கியவர்கள் ஊழியர்களைத் தொலைபேசியில் அழைத்து, ஐடி பிரிவிலிருந்து பேசுவதாகவும் விபிஎன் கோளாறைச் சரிசெய்வதாகவும் சொன்னார்கள். ஊழியர்களின் சொந்த விவரங்களைச் சொல்லி அவர்களை நம்ப வைத்தார்கள். பிரபலங்களுடையவை உட்பட 130 கணக்குகள் குறிவைக்கப்பட்டன. பிட்காயினில் சுமார் 1,18,000 டாலர் போனது. இந்த நிகழ்வுகளில் ஐடி கார்டு படம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அந்த அறிக்கைகள் அப்படிச் சொல்லவும் இல்லை. நான் காட்ட விரும்புவது வேறு: தாக்கியவர்களின் மூலதனம் ‘உள்ளே இருப்பவருக்கு மட்டும் தெரிந்தது போலத் தோன்றும் சிறு விவரம்’. ஐடி கார்டு என்பது அத்தகைய விவரங்களை அகலம் மூன்றரை அங்குலத்துக்குள் திரட்டி, நிறுவனமே லோகோ போட்டுக் கொடுத்த தொகுப்பு. கெவின் மிட்னிக் 2002இல் எழுதிய ‘தி ஆர்ட் ஆஃப் டிசெப்ஷன்’ நூலிலேயே, மதிப்பில்லாதது என்று ஊழியர்கள் நினைக்கும் தகவல்தான் அடுத்த படிக்கு ஏணியாகிறது என்பதை ஓர் அத்தியாயம் முழுக்கப் பேசியிருக்கிறார்.

மூன்றாவது ரீடர். இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. உங்கள் கார்டைத் திருப்பிப் பார்த்தே சோதித்துக்கொள்ளலாம். சிறிய, நடுத்தர அலுவலகங்களில் இன்றும் பரவலாகப் புழங்கும் மலிவு விலை அக்சஸ் கார்டுகள் 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்பவை. அவற்றில் சங்கேதக் காப்பு எதுவும் கிடையாது. ரீடரின் அருகே போனதும் கார்டு தன் எண்ணை உரக்கச் சொல்லும், கேட்பது யார் என்று பார்க்காது. இந்த வகைக் கார்டுகளின் மேல் பெரும்பாலும் இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும்: பத்து இலக்கத்தில் ஒன்று, காற்புள்ளியோடு இரண்டு துண்டாக இன்னொன்று. எடுத்துக்காட்டாக 0005495445 என்றும், அதன் பக்கத்தில் 083,55957 என்றும். இவை இரண்டு எண்கள் அல்ல. 83ஐ 65,536ஆல் பெருக்கி 55,957ஐக் கூட்டினால் 54,95,445 வரும். ஒரே எண்ணை இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள். கதவைத் திறக்கும் கன்ட்ரோலருக்கு ரீடர் வழக்கமாக அனுப்புவது 26 பிட்டுகள். அதில் இரண்டு சரிபார்ப்புக்குப் போக, மிச்சம் 24 பிட்டுகளும் அந்தக் காற்புள்ளியின் இருபுறமும் இருக்கும் எண்கள்தான். அதாவது கதவு கேட்கும் ரகசியம் முழுவதும் கார்டின் மேல் மையால் எழுதியிருக்கிறது. திருத்தி எழுதக்கூடிய வெற்றுக் கார்டுகள் சந்தையில் விற்கின்றன என்பதால் அந்த எண் தெரிந்தவருக்கு அசல் கார்டு தேவைப்படாது.

இதற்கு வரம்பும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். வேறு சில வகைக் கார்டுகளில் கார்டு எண் மட்டும் அச்சிட்டிருக்கும், வளாகத்துக்குரிய எண் இருக்காது. ஆனால் வழக்கமான 26 பிட் முறையில் வளாக எண் 0 முதல் 255 வரைதான் இருக்க முடியும், அதுவும் அந்த நிறுவனத்தின் எல்லா ஊழியருக்கும் பொதுவாகவே இருக்கும். ஒரு முறை தெரிந்தால் எல்லோருக்கும் தெரிந்ததுபோல. டெஸ்ஃபயர் போன்ற புதிய கார்டுகளைச் சரியாக அமைத்திருந்தால் கதை வேறு: கார்டும் ரீடரும் ஒன்றையொன்று ரகசியச் சாவியால் சோதித்துக்கொள்ளும். அந்தச் சாவி எந்தப் படத்திலும் விழாது. அங்கே படத்தை வைத்துக் கதவைத் திறக்க முடியாது. ஆனாலும் முன்னால் போகிறவர் மரியாதைக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பின்னால் வருபவர் கழுத்தில் சரியான நாடா தொங்கினால் போதும். நம் ஊர் அலுவலகங்களில், கையில் டீயும் மறு கையில் லேப்டாப்புமாக வருபவர் முகத்துக்கு எதிரே கதவைச் சாத்த யாருக்கும் மனம் வராது. விலை உயர்ந்த கார்டு போட்ட நிறுவனங்கள் இந்த இடத்தில்தான் தோற்கின்றன.

இனி எதிர்வாதங்கள். முதலில் வருவது, ‘கார்டைத்தான் தினமும் ரயிலிலும் டீக்கடையிலும் எல்லோரும் மாட்டிக்கொண்டு திரிகிறோமே, படத்தில் மட்டும் என்ன புதிதாக?’ என்பது. நியாயமான கேள்வி. தரமணி ரயில் நிலையத்தில் மாலை ஆறு மணிக்கு நின்றால் பத்து நிறுவனங்களின் கார்டைப் பார்க்கலாம் என்பதும் உண்மை. ஆனால் அங்கே நிற்க ஒருவர் சென்னைக்கு வர வேண்டும், கார்டு திரும்பித் தொங்கும், ஆடும், இரண்டடி தூரத்தில் உற்றுப் பார்த்தால் ‘என்ன வேணும்?’ என்று கேட்பார்கள். இணையத்தில் இருக்கும் படம் நல்ல வெளிச்சத்தில் அசையாமல் நேராகக் காட்டப்பட்டது. பெரிதாக்கலாம், சேமிக்கலாம், நிறுவனப் பெயரால் தேடலாம், தேதி தெரியும். தேடுபவர் வேறு மாநிலத்தில், வேறு நாட்டில் இருக்கலாம். தேடினார் என்பதே அந்த நிறுவனத்துக்குத் தெரியாது. தெருவில் தெரிந்தாலும் ஓரளவு ஆபத்துதான் என்பதை மறுக்கவில்லை, வாசலைத் தாண்டியதும் கார்டைப் பைக்குள் போடச் சொல்லும் நிறுவனங்கள் அதனால்தான் சொல்கின்றன. அமெரிக்கச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: கூட்டாட்சித் துறைகளின் ஊழியர் அட்டையை அனுமதியின்றிப் படம் பிடிப்பதும் அதன் சாயலில் அச்சிடுவதும் தலைப்பு 18, பிரிவு 701ன் கீழ் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அட்டையைத் திருடுவதைப் பற்றி மட்டும் கவலைப்பட்டவர்கள் எழுதிய சட்டம் அல்ல அது. தோற்றத்தைப் பிரதியெடுப்பதையே ஆபத்தாக நினைத்தவர்கள் எழுதியது.

இரண்டாவது எதிர்வாதம், ‘பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டுத்தான் போட்டேன்’ என்பது. மறைத்தது நல்லது, ஆனால் இரண்டு குறை இருக்கிறது. ஒன்று, மறைக்கும் விதம். எண்ணை மறைத்தவர்கள் அதற்குக் கீழே இருக்கும் பார்கோடை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்தக் கோடுகளில் பெரும்பாலும் அதே ஊழியர் எண்தான் இருக்கும்; சாதாரண போன் செயலியே அதைப் படிக்கும். மங்கலாக்கிய இலக்கங்களும் பாதுகாப்பில்லை. 0 முதல் 9 வரை பத்து வடிவங்கள்தான், எழுத்துருவும் தெரிந்தது, ஒவ்வொன்றையும் மங்கலாக்கிப் பொருத்திப் பார்த்தால் எது என்று ஊகித்துவிட முடியும். போனில் உள்ள ஹைலைட்டர் பேனாவால் கறுப்பாகத் தேய்ப்பதும் அப்படித்தான். மை அரை ஒளிபுகும் தன்மையுடையது, வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருப்பது தெரியும். மறைப்பதென்றால் முழுக் கறுப்புக் கட்டம் வைக்க வேண்டும். இரண்டாவது குறை இன்னும் அடிப்படையானது. நான் முதலில் சொன்னபடி, ஏமாற்றுபவருக்கு உங்கள் பெயர் வேண்டாம். வேறு பெயரைத்தான் அவர் அங்கே போடப்போகிறார். பெயரும் முகமும் எண்ணும் மறைத்த கார்டு அவருக்கு நிரப்பத் தயாரான வெற்றுப் படிவமாகவே கிடைக்கிறது. மறைப்பு உங்களைக் காப்பாற்றுகிறது, நிறுவனத்தைக் காப்பாற்றவில்லை.

மூன்றாவது வாதம்தான் வலுவானது, அதற்கு நான் பாதி உடன்படுகிறேன். ‘ஒரு படத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய எண்ணைக் கேட்டுக் கடவுச்சொல்லை மாற்றிக் கொடுக்கும் ஹெல்ப் டெஸ்க்தான் குற்றவாளி, படம் போட்ட பிள்ளையைத் திட்டி என்ன பயன்?’ என்கிறார்கள். குளோராக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2025 ஜூலையில் தன் ஹெல்ப் டெஸ்க்கை நடத்திய காக்னிசன்ட் மீது தொடுத்த வழக்கு இந்த வாதத்துக்கு வலு சேர்க்கிறது. 2023 ஆகஸ்டில் அழைத்தவர் யார் என்று எதையும் சரிபார்க்காமலே கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டார்கள் என்பது குளோராக்ஸின் குற்றச்சாட்டு. 38 கோடி டாலர் இழப்பு என்கிறது. காக்னிசன்ட் அதை மறுக்கிறது. குற்றச்சாட்டு உண்மையென்றால் அங்கே கார்டு படம்கூடத் தேவைப்படவில்லை. ஆக, பூட்டாத வீட்டுக்கு எந்தச் சாவியைப் பற்றியும் பேசிப் பயனில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஊழியர் எண்ணை அடையாளச் சான்றாக ஏற்கவே கூடாது. பதிவில் இருக்கும் எண்ணுக்குத் திரும்ப அழைப்பது, மேலாளரை வேறு வழியில் கேட்டு உறுதி செய்வது, ஓடிபி கருவியை மாற்றுவதென்றால் நேரில் வரச் சொல்வது ஆகியவைதான் உண்மையான தீர்வு. வாசலில், கார்டைக் காட்டியதும் பதிவிலுள்ள முகம் காவலரின் திரையில் வர வேண்டும். அப்போது அச்சடித்த கார்டின் மதிப்பு போய்விடும். ஆனால் என் உடன்பாடு இங்கே நின்றுவிடுகிறது. இந்த ஏற்பாடுகள் ஒரு பெரிய நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் வந்துவிடலாம். அதன் வெண்டாருக்கும் கிளைக்கும், வாடிக்கையாளரின் வீட்டு வாசலுக்கும் வராது. ராணுவ அட்டையைப் பார்த்து ஏமாந்தவருக்கு எந்த ஹெல்ப் டெஸ்க் சீர்திருத்தமும் உதவியிருக்காது. நிறுவனத்தின் எல்லைக்கு வெளியே அட்டையை நம்புகிறவர்களுக்கு இருக்கும் ஒரே காப்பு, மாதிரி வெளியே போகாமல் இருப்பது.

கடைசியாக ஒரு வாதம், தர்க்கத்தைவிட மனதைத் தொடுவது. குடும்பத்தில் முதன்முதலாகக் கம்பெனி வேலைக்குப் போகும் பிள்ளை, அந்தக் கார்டைப் படம் எடுத்து ஊருக்குக் காட்டக் கூடாதா? இதை ‘விளம்பர மோகம்’ என்று கேலி செய்யும் பாதுகாப்பு அதிகாரிகளோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. அந்தப் பெருமை நியாயமானது. படம் எடுக்கத்தான் வேண்டும். அதோடு பல இடங்களில் நிறுவனத்தின் எச்.ஆர். பிரிவே ஹேஷ்டேக் கொடுத்து, கார்டோடு செல்ஃபி போடச் சொல்கிறது. அதே நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை பத்தாம் பக்கத்தில் கார்டைப் படம் எடுக்காதே என்கிறது. இதில் புதிதாக வந்தவரைக் குறை சொல்வது அநியாயம். எச்.ஆர். பிரிவுகளுக்கு என் யோசனை எளியது: சேரும் நாளில் கொடுக்கும் பையில், படம் எடுப்பதற்கென்றே ஒரு வரவேற்பு அட்டையை வையுங்கள். அளவு, நிறம், நாடா எல்லாமே உண்மையான கார்டிலிருந்து வேறாக இருக்கட்டும். பெரிய எழுத்தில் பெயரும் ‘முதல் நாள்’ என்ற வாசகமும் போதும். உங்கள் இணையப் பக்கத்தில் நீங்களே போடும் விழாப் படங்களிலும் ஊழியர்களின் கார்டு தெரிகிறதா என்று ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள், தெரியும்.

ஏற்கெனவே படம் போட்டவர்களுக்கு: இன்றே பதிவை நீக்கிவிடுங்கள், பகிர்ந்தவர்களிடமும் நீக்கச் சொல்லுங்கள். படத்தில் கார்டின் பின்புறமோ காற்புள்ளியோடு எழுதிய எண்ணோ தெரிந்திருந்தால், அலுவலகத்தின் செக்யூரிட்டி பிரிவில் சொல்லி வேறு கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய எண்ணை முடக்குவது அவர்களுக்குச் சில நிமிட வேலை. ஊழியர் எண்ணை அப்படி மாற்ற முடியாது. அது வெளியே போயிருந்தால் ஹெல்ப் டெஸ்க்கிடம் சொல்லி, உங்கள் கணக்கில் எந்த மாற்றம் கேட்டாலும் உங்களைத் திரும்ப அழைத்துக் கேட்ட பிறகே செய்ய வேண்டும் என்று குறிப்பு எழுதி வைக்கச் சொல்லுங்கள்.